அக்கா வருகிறது, அத்தை ஏன் வருவதில்லை?

பெயர் தெரியாத ஒருவரைக் கூப்பிட வேண்டி வந்தால் தமிழ்நாட்டில் வாயில் முதலில் வருவது உறவுப் பெயர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவரிடம் கண்ணாடியை இறக்கச் சொல்ல ‘அண்ணா’. தள்ளுவண்டிக்காரரிடம் வெண்டைக்காய் விலை கேட்க ‘அண்ணே’. மருத்துவமனை வரிசையில் முன்னால் நிற்பவரிடம் எத்தனையாவது டோக்கன் என்று விசாரிக்க ‘அக்கா’. நம் மக்களின் பாசம் இது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாசம் மட்டுமே காரணம் என்றால் எல்லா உறவுப் பெயர்களும் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். அத்தை மீதும் நமக்குப் பாசம்தான். ஆனாலும் வளர்ந்த ஆண் எவரும் முன்பின் தெரியாத பெண்ணை ‘அத்தை’ என்று அழைத்து வழி கேட்பதில்லை. ‘மச்சினி’ என்று அழைத்தால் அடி விழும். ‘பெரியப்பா’, ‘சித்தப்பா’ ஆகியவையும் வீட்டைத் தாண்டி அதிகம் வருவதில்லை. சில சொற்கள் தெருவுக்கு வருகின்றன, சில வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. இந்தப் பிரிவினை எப்படி நடக்கிறது என்று பார்த்தால், ஒரே ‘அக்கா’ ஓரிடத்தில் இதமாகவும் இன்னோரிடத்தில் சங்கடமாகவும் ஒலிப்பது ஏன் என்பது பிடிபடும்.

நம் உறவுமுறையின் அடிப்படை ‘முறை’. அப்பாவின் சகோதரர் பிள்ளைகளும் அம்மாவின் சகோதரி பிள்ளைகளும் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அப்பாவின் சகோதரி பிள்ளைகளும் அம்மாவின் சகோதரர் பிள்ளைகளும் அப்படியல்லர். அவர்கள் மணமுறை உள்ளவர்கள். ஒரு பக்கம் பங்காளி, மறுபக்கம் மாமன் மச்சான். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன், தென்னிந்திய உறவுப் பெயர்களில் ஒரு பாதி ரத்த உறவையும் மறுபாதி திருமண உறவையும் குறிக்கிறது என்று வாதிட்டார். மாமனும் அத்தையும் மச்சானும், கல்யாணம் இன்னும் நடக்காவிட்டாலும், கல்யாணப் பக்கத்து மனிதர்கள். கிராமத்தில் வளர்ந்தவருக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புதிதாக ஒருவர் சொந்தத்துக்குள் வந்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, “இவர் நமக்கு என்ன முறை?” என்பதுதான்.

ஆகவே தெரியாத ஒருவருக்கு உறவுப் பெயர் சூட்டும்போது, தெரிந்தோ தெரியாமலோ அவரை இந்த இரு பக்கங்களில் ஒன்றில் நிறுத்துகிறோம். தெருவுக்கு வரும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி, அம்மா, ஐயா, தாத்தா, பாட்டி. உடன்பிறப்பு, பெற்றோர், அவர்களுக்கும் மூத்தோர், அவ்வளவுதான். மணமுறைக்கு இடம் தரும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை.

ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். சேலைப் பிரிவில் நிற்கும் விற்பனையாளருக்கு வயது 35. நாற்பதைக் கடந்த ஒரு பெண், அவருடைய மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், சற்றுப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு வரும் கணவர் என்று நான்கு பேர் வருகிறார்கள். விற்பனையாளர் அந்தப் பெண்ணிடம், “வாருங்கள் அக்கா, என்ன விலையில் பார்க்கிறீர்கள்?” என்கிறார். மாமியாருக்கு நாற்காலி போட்டு, “உட்காருங்கள் அம்மா” என்கிறார். மகள் ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்ததும், “அந்த நிறம் உனக்கு எடுப்பாக இருக்கும் பாப்பா” என்கிறார். கணவர் வந்ததும், “வாருங்கள் அண்ணா” அல்லது “வாருங்கள் சார்”.

இந்த நான்கு அழைப்புகளையும் உறவுக் கணக்கில் போட்டால் எதுவும் பொருந்தாது. அந்தப் பெண் அக்கா என்றால் அவருடைய மாமியார் ‘அம்மா’ ஆக முடியாது. அக்காவின் மாமியார் சம்பந்தி வீட்டுக்காரர். கணவர் அத்தானாகவோ மாமாவாகவோ இருக்க வேண்டும். அவரை அண்ணா என்றால் ஒரு தம்பதியையே அண்ணனும் தங்கையும் ஆக்கிவிட்டதாக ஆகிறது. எல்லாவற்றையும்விட மகள் விஷயம். அக்காள் மகள் என்பவள் தமிழ்நாட்டின் பல சமூகங்களில் தாய்மாமனுக்கு மணமுறை உள்ளவள். கணக்கை ஒழுங்காகப் போட்டால் விற்பனையாளர் அந்த மகளுக்கு முறைமாமன் ஆகிவிடுகிறார். அதனால்தான் கணக்கு அங்கேயே வெட்டப்படுகிறது. தாயை அக்கா என்ற அதே வாய், மகளைப் பாப்பா என்றோ தங்கச்சி என்றோ அழைத்துப் பாதுகாப்பான பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, தனக்கு உடன்பிறப்பாகவோ தாயாகவோ மட்டும் வைத்துப் பேச வேண்டும். அவர்களுக்குள் இருக்கும் உறவை அழைப்பில் கொண்டுவரக் கூடாது. யாரும் யாருக்கும் இதைக் கற்றுத் தருவதில்லை. ஆனாலும் கடையில் சேர்ந்த ஒரே வாரத்தில் பையன்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தெரு உறவின் முதல் வேலை பாசம் காட்டுவது அன்று, ஒரு கதவைச் சாத்துவது. இரவு பத்து மணிக்கு ஆட்டோவில் தனியாக ஏறும் பெண், “அண்ணா, பஸ் ஸ்டாண்டு போக வேண்டும்” என்று தொடங்கும்போது, நமக்குள் வேறு பேச்சுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். நல்ல ஓட்டுநர் அதை அப்படியே ஏற்று, “உட்காரும்மா” என்கிறார். இருவருக்கும் நிம்மதி. சொல் இதமாக இருப்பதற்குக் காரணமே அது கதவைச் சாத்தியிருப்பதுதான். அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஓர் ஆண் மனத்தில் ஆசை வைத்திருக்கும் பெண் அவனை ‘அண்ணா’ என்றதும் அவன் முகம் மாறுவதும் இதே காரணத்தால்தான். அந்தப் பெண் வேண்டுமென்றே சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா என்று அவன் யோசிப்பான். எப்படிச் சொல்லியிருந்தாலும் அதை மதிக்க வேண்டியது அவன் கடமை.

கல்யாணப் பக்கத்துச் சொற்கள் அயலாரிடம் போவதே இல்லை என்று சொல்லவும் முடியாது. மதுரைக்குத் தெற்கே பல கிராமங்களில் வெவ்வேறு சாதியாரும், இந்துக்களும் இஸ்லாமியர்களும் ‘மாமன், மச்சான்’ என்று முறை வைத்து அழைத்துக்கொள்வது பழைய வழக்கம். அது தலைமுறைகளாக ஊர் அறிந்து வைத்திருக்கும் முறை. அந்த முறைக்குள் கேலி பேசும் உரிமையும் அடக்கம். அண்ணன் மனைவியை ‘மதினி’ என்று அழைக்கும் ஊர்களில் மதினிக்கும் கொழுந்தனுக்கும் இடையே கிண்டல் பேச்சு அனுமதிக்கப்பட்டது. புதியவர் ஒருவர் திடீரென்று ‘மதினி’ என்றால் அந்த உரிமையை அவரே எடுத்துக்கொண்டார் என்று பொருளாகும். அதனால்தான் அது சுருக்கென்று தைக்கிறது.

மாமா வேறு கதை. சிறு பிள்ளைகளிடம், “மாமாவுக்கு வணக்கம் சொல்லு” என்று அப்பாவின் நண்பரைக் காட்டுகிறோம். நண்பர் சகோதரன் போல என்றால் ‘சித்தப்பா’ என்று அல்லவா சொல்ல வேண்டும்? சொல்வது குறைவு. சித்தப்பாவும் பெரியப்பாவும் பங்காளிகள். அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா என்ற வரிசையும், வீடு, நிலம், பாகப்பிரிவினை என்ற நினைவும் அந்தப் பெயர்களோடு வருகின்றன. தாய்மாமனோ சீர் கொண்டுவருபவர், கண்டிக்கும் பொறுப்பு குறைந்தவர், செல்லம் கொடுப்பவர். குழந்தைக்கு அறிமுகமாகும் அயலாருக்கு அந்த இடம் நன்றாகப் பொருந்துகிறது. குழந்தை வளர்ந்து மணவயதை அடைந்ததும் அதே சொல் கனத்துவிடுகிறது. பேச்சு வழக்கில் ‘மாமா’வுக்கு வந்து ஒட்டிக்கொண்ட கொச்சையான பொருளும் பெரியவர்களைத் தயங்கவைக்கிறது. கடல் தாண்டிய தமிழ் முஸ்லிம்கள் நடத்திய கடைகளால் மலேசியாவில் இதே சொல் ‘மாமாக்’ ஆகி, இன்று ஒரு வகை உணவகத்துக்கே பெயராக நிற்கிறது. அங்கே மலாய்க்காரரும் சீனரும்கூடப் பரிமாறுபவரை ‘அண்ணே’ என்று அழைத்து ரொட்டி சொல்வதுண்டு.

இப்படிப் பார்க்கும்போது நம் அழைப்பு வரிசையில் ஓர் இடம் காலியாக இருப்பது தெரியும். அக்கா என்று சொல்ல முடியாத அளவு மூத்தவர், பாட்டி என்று சொல்ல முடியாத அளவு இளையவர்; அதாவது நம் பெற்றோர் வயதுக்காரர். அவருக்குத் தமிழ் தரும் சொற்கள் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமா, சித்தப்பா, பெரியப்பா. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ‘ஆன்டி’, ‘அங்கிள்’ இரண்டும் இவ்வளவு வேகமாக நம் அடுக்குமாடி வீடுகளை நிறைத்ததற்கு ஆங்கில மோகம் ஒரு காரணம்தான். அதைவிட வலுவான காரணம், அந்தச் சொற்களுக்கு முறை தெரியாது என்பது. அப்பா பக்கமா அம்மா பக்கமா, மணமுறை உண்டா இல்லையா என்று அவை கேட்பதில்லை. தமிழில் ‘அம்மா’, ‘ஐயா’ அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் பதின்ம வயதுப் பையனின் வாயில் ‘ஐயா’ மரியாதையாக வருமே தவிர நெருக்கமாக வருவதில்லை.

அடுத்த சிக்கல் வயது. உறவுப் பெயர் எப்போதும் இருவருக்கானது. அக்கா என்று அழைத்தவுடன் நான் தம்பி அல்லது தங்கை ஆகிவிடுகிறேன். முதலில் வாய் திறப்பவர் இளையவரின் இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். எதிரே இருப்பவருக்கு மூத்தவர் இடம்தான் மிச்சம். சந்தையில் ஐம்பது வயதுக்காரர் முப்பது வயதுப் பெண்ணை, “வாருங்கள் அக்கா” என்பது அவர் வயதைத் தவறாகக் கணித்ததால் அன்று. விற்பவர் தன்னை ஒரு படி கீழே இறக்கிக்கொள்ளும் மரியாதை அது. கேட்கும் பெண்கள் பெரும்பாலும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தன்னைவிட நான்கைந்து வயதே இளைய ஒருவர், சந்தைக்கு வெளியே, நிதானமாக முகத்தைப் பார்த்து ‘ஆன்டி’ என்னும்போது அங்கே வியாபார மரியாதை எதுவும் இல்லை. ஒரு கணிப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. அக்காவிலிருந்து ஆன்டிக்கு மாறும் அந்த நாள் பல பெண்களுக்கு நினைவில் நிற்கும். ஆண்களுக்கு இந்தப் படிகள் இவ்வளவு கூர்மையாக இல்லை. ஐம்பதிலும் ஒருவர் அண்ணனாகவே இருந்துவிட முடிகிறது. பெண்ணின் வயதை மட்டும் ஊர் இவ்வளவு கவனமாக எண்ணுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தமிழில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தனியாக நிற்கும் ‘அம்மா’ வேறு, வினைச்சொல்லின் வாலில் ஒட்டும் ‘அம்மா’ வேறு. “அம்மா, கொஞ்சம் நகருங்கள்” என்பது மூத்தவருக்கு. “வாம்மா”, “சொல்லும்மா” என்பதை ஐந்து வயதுச் சிறுமியிடமும் சொல்லலாம், சம வயதுத் தோழியிடமும் சொல்லலாம். வயதைத் தொடாமல் இதத்தை மட்டும் தருகிற வடிவம் அது. ஆண்பிள்ளைகளுக்கு “என்னப்பா”, “வாப்பா” அதே வேலையைச் செய்கிறது. இளம் பெண்ணை அழைக்கத் ‘தங்கச்சி’யைவிட இந்த வாலைத்தான் நாம் அதிகம் நம்புகிறோம். ‘தம்பி’ தெருவெங்கும் தாராளமாகக் கேட்கிறது. ‘தங்கச்சி’ அந்த அளவு கேட்பதில்லை.

சூட்டிய உறவை எதிரில் இருப்பவர் ஏற்றாரா என்பதைப் பதிலைக் கொண்டு அறியலாம். “அண்ணே, மணி என்ன?” என்ற கேள்விக்கு, “ஐந்தரை தம்பி” என்று வந்தால் ஜோடி முழுமையாகிவிட்டது. “ஐந்தரை” என்று மட்டும் வந்தால் அவர் எதையும் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. “ஐந்தரை சார்” என்று வந்தால், அண்ணன் இடம் வேண்டாம் என்று மென்மையாகத் தள்ளிவைத்துவிட்டார். அதற்குப் பிறகும் அண்ணே, அண்ணே என்று தொடர்வது அத்துமீறல்தான். சோதனைச் சாவடியில் வாகனத்தை நிறுத்தும் காவலரிடம் ‘அண்ணே’ என்று தொடங்கினால், “யாருக்கு யார் அண்ணன்?” என்ற அதட்டல் வரக்கூடும். அவர் அங்கே பதவியாக நிற்கிறார். உறவுப் பெயர் அந்தப் பதவியைக் கரைத்துச் சலுகை கேட்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. 60 வயது விவசாயி 28 வயது வங்கி அதிகாரியைத் ‘தம்பி’ என்று அழைக்கத் துணியாமல் ‘சார்’ என்பதும் இதன் மறுபுறம்.

ஜோடி முழுமையாகாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கும் அழைப்புகளும் உண்டு, அவைதான் எனக்கு மிகவும் உறுத்துகின்றன. வீட்டு வேலைக்கு வரும் 50 வயதுப் பெண், 30 வயது எஜமானியை ‘அம்மா’ என்கிறார். எஜமானியோ அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ‘அம்மா’வுக்கு எதிர்ச்சொல்லான ‘மகள்’ அங்கே எந்தக் காலத்திலும் வராது. சில வீடுகளில் பிள்ளைகளுக்கு, “அக்கா என்று கூப்பிடு” என்று சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான், ஆனால் அடுத்த சொல்லைக் கவனிக்க வேண்டும். “அக்கா, தண்ணீர் கொண்டு வா” என்றால் அந்த அக்கா வெறும் மேல்பூச்சு. சொந்த அக்காவிடமும் ‘வா, போ’ என்றுதானே பேசுகிறோம் என்று வாதிடலாம். சொந்த அக்காவுக்குத் திரும்ப அதட்டும் உரிமை இருக்கிறது, இவருக்கு இல்லை. அதனால்தான் அயலாரிடம் அக்காவோடு ‘நீங்கள்’ கட்டாயமாகச் சேர வேண்டியிருக்கிறது. வீட்டில் அக்காவும் ‘நீ’யும், தெருவில் அக்காவும் ‘நீங்கள்’உம் என்பதே வழக்கம். இந்த இணை பிசகினால் வார்த்தை இனிப்பாக இருந்தாலும் காது ஏற்காது.

சாதி இதை இன்னும் கடுமையாக்கியது. கிராமத்தில் முறை வைத்து அழைக்கும் வழக்கம் ஊர்த்தெருவில் பல சாதிகளுக்குள் புழங்கியபோதும் சேரியின் எல்லையில் நின்றுவிட்டது. அங்கே வாழும் முதியவரை ஊர்த்தெருச் சிறுவன்கூடப் பெயர் சொல்லி அழைப்பான். அவர் அந்தச் சிறுவனை ‘சின்ன ஐயா’ என்றோ ‘சாமி’ என்றோ அழைக்க வேண்டும். வயதுக்குரிய உறவுப் பெயரை ஒருவருக்கு மறுப்பது அவருடைய மூப்பையே மறுப்பதாகும். இந்தப் பின்னணியில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் 1949இல் தோன்றியபோது அது கையாண்ட மொழியின் எடை புரியும். சி. என். அண்ணாதுரை கட்சிக்காரர்கள் அனைவருக்கும் ‘அண்ணா’. அவர் எழுதிய கடிதங்கள் ‘தம்பி’க்கு. பின்னர் மு. கருணாநிதி முரசொலியில் ‘உடன்பிறப்பே’ என்று விளித்தார். எஜமான், சாமி என்ற விளிகளுக்குப் பழகிய நாவுகளில் அண்ணனும் தம்பியும் வந்து அமர்ந்தார்கள். பெருநகரத்தின் ‘அண்ணா’வுக்கும் அந்த வலிமை உண்டு: யாருடைய சாதியும் தெரியாமலேயே அதைச் சொல்லலாம்.

சில உறவுப் பெயர்கள் வழக்கத்தில் தேய்ந்து முத்திரைகளாகவும் மாறிவிடுகின்றன. நெல்லைச் சீமையின் மரியாதை விளியான ‘அண்ணாச்சி’ சென்னையில் மளிகைக் கடைக்காரரின் பெயராகிவிட்டது. அதில் பெரிய குற்றம் இல்லை. மருத்துவமனைச் செவிலியர் ‘சிஸ்டர்’ ஆனதில் கன்னியாஸ்திரிகள் செய்த சேவையின் தடம் இருக்கிறது. ‘பாய்’ அப்படியல்ல. இந்தியிலும் உருதுவிலும் சகோதரர் என்று பொருள் தரும் அந்தச் சொல்லை நாம் இஸ்லாமியருக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறோம். பல காலம் பழகிய கடைக்காரரிடம் அது இதமாகத்தான் ஒலிக்கிறது. தாடியையோ தொப்பியையோ பார்த்த மாத்திரத்தில், வீட்டில் தமிழே பேசும் ஒருவரைப் ‘பாய்’ என்று அழைத்தால், மற்றவர்களுக்குக் கிடைக்கும் ‘அண்ணே’ அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவர் நினைக்கலாம். திருப்பூருக்கு வேலைக்கு வரும் வடமாநில இளைஞர்கள் முதலில் கற்கும் தமிழ்ச் சொற்களில் ‘அண்ணா’வும் ‘அக்கா’வும் உண்டு. பதிலுக்கு அவர்களுக்குத் ‘தம்பி’ கிடைப்பதைவிடப் ‘பையா’ கிடைப்பதே அதிகம். அவர்கள் நம் மொழியில் உறவு சொல்கிறார்கள். நாம் அவர்கள் மொழியிலேயே அவர்களைத் தள்ளி நிறுத்துகிறோம்.

எந்த உறவும் பொருந்தாது என்று தோன்றும் இடத்தில் பெயரே சொல்லாமல் பேசவும் தமிழ் இடம் தருகிறது. “கொஞ்சம் நகர்ந்துகொள்கிறீர்களா?”, “இது உங்கள் பையா?” என்று வினையிலும் ‘உங்கள்’ளிலும் மரியாதையை வைத்துவிட்டால் அண்ணனும் வேண்டாம், சாரும் வேண்டாம். கொங்குப் பகுதிக்காரர்கள் ‘ஏனுங்க’ என்ற ஒரே சொல்லில் இதை அழகாகச் செய்துவிடுகிறார்கள். எதிரே நிற்பவரிடம் இது போதும். குடையை மறந்துவிட்டு ஸ்டாப்பில் இறங்கி நடக்கும் ஒருவரை, நகரும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்க்கவைக்க வேண்டுமானால் மட்டும் உறவுப் பெயர் இல்லாமல் முடியாது. அந்த அவசரத்தில் அவர் அண்ணனா ஐயாவா என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. அவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.